விடை வேறு, பிழை வேறு

நுழையும்முன்

தொகைநிலைத் தொடரில் இரண்டு சொற்களுக்கு இடையே வரவேண்டிய உருபோ உம்மையோ வெளிப்படையாக நிற்பதில்லை, மறைந்தே நிற்கும். மறைந்ததை வெளிக்கொணர்ந்து எழுதுவதே தொகையை விரித்தல் ஆகும். மறைந்தது இன்னது என்பதில் இருவர் வேறுபட்டால், இருவருள் ஒருவர் தவறியே ஆகவேண்டுமா? இவ்வினாவிற்கு ஒரு மாணவி தன் தோழிக்கு எழுதிய குறிப்பின் வழியாக விடை காண்போம்.

அடித்து எழுதிய விடைகள்

சவ்வாது மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் படவேடு. அங்கு வாழும் பதினொன்றாம் வகுப்பு மாணவியர் இருவர் இலக்கணப் பயிற்சித்தாள் ஒன்றிற்கு விடை எழுதினர். 'பொன்மணி' என்னும் தொகையை விரித்து, அதன் வகையைக் குறிப்பிடுக என்பது ஒரு வினா. அவர்களுள் ஒருத்தி, 'பொன்னும் மணியும் – உம்மைத்தொகை' என எழுதினாள். 'மட்குடம்' என்னும் அடுத்த சொல்லுக்கும் அவ்வாறே 'மண்ணும் குடமும் – உம்மைத்தொகை' என எழுதினாள்.

விடைக்குறிப்பிலோ, 'பொன்னாலாகிய மணி', 'மண்ணாலாகிய குடம்' என்றும், இரண்டும் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகைகள் என்றும் இருந்தன. அவள் தன் விடைகள் இரண்டையும் அடித்துவிட்டாள். இனிச் சிந்தித்து எழுதுவதைக் காட்டிலும் குறிப்பில் உள்ளதை மனப்பாடம் செய்வதே நன்று என்று தோழியிடம் கூறினாள். மறுநாள் அத்தோழி அவளது ஏட்டினுள் பின்வரும் குறிப்பை வைத்தாள்.

தோழியின் குறிப்பு

"அன்புத் தோழிக்கு,

நீ அடித்த இரண்டு விடைகளுள் ஒன்று சரியானது, மற்றொன்று தவறானது. குறிப்போடு ஒத்துப்போகாமை இரண்டிற்கும் பொது. ஆகவே, அதனை மட்டும் கொண்டு பிழையைக் கண்டறிய இயலாது.

முதலில் 'பொன்மணி'யைப் பார். தொகையின் பொருள் மயங்கும் இடங்களில், ஒரு தொகை இரண்டு முதல் ஏழு வரை பொருள் தரும் என்று நன்னூல் சொல்லதிகாரத்தில் பவணந்தி முனிவரே விதித்துள்ளார். ஐந்து பொருள் தரும் தொகைக்கு உரையில் காட்டப்படும் சான்று நம் வினாவில் வந்த 'பொன்மணி'தான். பொன்னாலாகிய மணி, பொன்னாகிய மணி, பொன்னின்கண் மணி, பொன்னொடு சேர்ந்த மணி, பொன்னும் மணியும் என ஐந்து விரிகள் அதற்கு உண்டு. விடைக்குறிப்பு அவற்றுள் ஒன்றைத் தந்தது. நீ மற்றொன்றை எழுதினாய்.

ஒரே சொல் இத்தனை விரிகளுக்கு இடம் தருவது எவ்வாறு? புணர்ச்சி விதியை நினைத்துப் பார். னகர மெய்யின் பின் வல்லினம் வந்தால், வேற்றுமைப் புணர்ச்சியில் அது றகர மெய்யாகத் திரியும். அல்வழியில் இயல்பாக நிற்கும். பொன்னாலாகிய குடம் 'பொற்குடம்' ஆகிறது. பொன்னும் பொருளும் 'பொன்பொருள்' என்றே நிற்கிறது. எழுத்தே வகையைக் காட்டிவிடுகிறது. ஆனால், 'மணி'யின் முதலில் இருப்பது மெல்லினம். மெல்லினம் வரும்போது வேற்றுமையிலும் மாற்றம் இல்லை. அல்வழியிலும் மாற்றம் இல்லை. அதனால் 'பொன்மணி'யின் வடிவம் எந்தப் பொருளையும் தடுக்கவில்லை.

இதே அளவுகோலை 'மட்குடம்' என்பதற்கு வைத்துப் பார். ணகர மெய் வேற்றுமையில் வல்லினத்தின் முன் டகர மெய்யாகத் திரியும். இங்கே திரிந்திருக்கிறது. மண்ணும் குடமும் என்பது உன் கருத்தாயின், சொல் 'மண்குடம்' என்று நின்றிருக்க வேண்டும். ஆகவே, அந்த விடையை நீ அடித்தது முறையே. குறிப்பில் இல்லை என்பதற்காக அன்று. சொல்லின் வடிவமே அதனை மறுக்கிறது என்பதற்காக.

வடிவம் இடம் கொடுத்தால் மட்டும் போதாது. நம் ஊர்ப்பெயரையே எடுத்துக்கொள். படவேட்டின் பழைய வடிவம் படைவீடு. படையினது வீடு என விரித்தால் அது ஆறாம் வேற்றுமைத்தொகை. படைக்கு உரிய வீடு என விரித்தால் நான்காம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. படைத்த வீடு என வினைத்தொகையாக விரித்தாலும் எழுத்து தடுக்காது. ஆயினும், அது பொருந்தாது. சம்புவராயர் தலைநகராகக் கொண்டு ஆண்ட ஊர் இது. படை தங்கும் இடம் என்பதே இச்சொல்லின் வழக்குப் பொருள். முதல் இரண்டு விரிகளும் அப்பொருளைத் தருகின்றன, மூன்றாவது தரவில்லை. எனவே, வேறுபட்ட விடைகள் இரண்டு சரியாக இருக்கலாம் என்பதால், எழுதுவன எல்லாம் சரியாகிவிடா.

உன் முதல் விடையை மீண்டும் எழுதிவை.

இப்படிக்கு,
உன் தோழி."

தொடர் தரும் தீர்ப்பு

குறிப்பைப் படித்தவள் மாலையில் ஓர் ஐயத்துடன் வந்தாள். ஐந்தும் சரியென்றால், எந்த வினாவிற்கும் எந்த விரியையும் எழுதலாமா என்பது அவளுடைய ஐயம். தோழி இரண்டு தொடர்களை எழுதிக் காட்டினாள்.

'அரசன் வறியவர்க்குப் பொன்மணி வாரி வழங்கினான்' என்பது முதல் தொடர். வாரி வழங்கப்படுவது செல்வம். ஆகவே, பொன்னும் மணியும் என்னும் உம்மைத்தொகை இங்கு இயல்பாகப் பொருந்துகிறது. 'தேரில் கட்டிய பொன்மணி ஒலித்தது' என்பது இரண்டாவது தொடர். இங்கு ஒலிப்பது ஒரு பொருள். 'ஒலித்தது' என்னும் வினைமுற்றும் ஒருமையில் உள்ளது. பொன்னும் மணியும் சேர்ந்து ஒலித்தது எனக் கூறுவது பொருந்தாது. பொன்னாலாகிய மணி என்பதே இங்கு ஏற்ற விரியாகும். சொல் தனித்து நின்றபோது திறந்திருந்த வழிகளுள் சிலவற்றைத் தொடர் அடைத்துவிடுகிறது. பயிற்சித்தாளில் சொல் தனித்து நின்றது. அதனால்தான் அவளது விடையும் சரியாயிற்று.

அவள் ஏட்டைத் திறந்து முதல் விடையை மீண்டும் எழுதினாள். அதன் அருகில், 'மெல்லினம் வந்தமையால் வடிவம் தடுக்கவில்லை. தொடர் தரப்படவில்லை' என்று காரணத்தையும் குறித்தாள். இரண்டாம் விடையின் அருகில், 'ண் என்பது ட் ஆகத் திரிந்தமையால் உம்மைத்தொகை அன்று' என்று எழுதினாள்.

விரியும் வகையும் ஒன்றற்கொன்று பொருந்தவேண்டும் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ளுதல் வேண்டும். 'பொன்னும் மணியும்' என விரித்துவிட்டு, குறிப்பைப் பார்த்து 'மூன்றாம் வேற்றுமை' என்று வகையை மட்டும் மாற்றினால், சரியாக இருந்த விடை பிழையாகிவிடும். குறிப்பிலுள்ள விடையில் பாதியையும் தன் விடையில் பாதியையும் இணைப்போர்க்கு இப்பிழை நேரும்.

கற்பவை கற்றபின்

1. 'பொற்காசு' என்பதனைப் 'பொன்னும் காசும்' என விரிக்க இயலாமைக்குரிய காரணத்தைப் புணர்ச்சி விதிகொண்டு விளக்குக.

2. 'தெய்வ வணக்கம்' என்னும் தொகை இரண்டு பொருள் தருவதாகும். அவ்விரண்டையும் விரித்து, ஒவ்வொன்றின் வேற்றுமையையும் குறிப்பிடுக.

3. விடைக்குறிப்பினின்று வேறுபட்ட உமது விடை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது சரியா தவறா என்பதனை வடிவம், பொருள், தொடர் ஆகிய மூன்றன் அடிப்படையில் ஆராய்ந்து, வகுப்புத் தோழர் ஒருவருக்குக் குறிப்பாக எழுதுக.