லண்டன் மாப்பிள்ளை நிஜமா?

கேள்வி: லண்டன் கம்பெனியில் ‘ஸ்கில்டு ஒர்க்கர்’ விசாவில் வேலை என்று ஒரு வரன் வந்திருக்கிறது. எப்படிச் சரிபார்ப்பது? – வாசகி, மதுரை

பதில்: அந்த விசாவில் ஆளெடுக்க நிறுவனத்துக்கு ஸ்பான்சர் உரிமம் வேண்டும். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை GOV.UK தளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பெயர் இல்லையென்றால் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்கலாம். சில கம்பெனிகள் வேறு பெயரில் பதிவாகியிருக்கும்.

பெயர் இருந்தால் கம்பெனி உண்மை, அவ்வளவுதான்.

மாப்பிள்ளை அங்கேதான் இருக்கிறாரா? அலுவலக மின்னஞ்சலிலிருந்து ஒரு வரி அனுப்பச் சொல்லலாம். @ குறிக்குப் பின்னுள்ள பெயரை கம்பெனியின் இணையதளத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பிறகு வீடியோ அழைப்பு.

“பரிசு அனுப்பினேன், டெல்லி கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, பணம் கட்டு” என்றால் அது மோசடியேதான். சுங்கத்துறை தனிநபர் கணக்கில் பணம் கேட்காது. கட்டியிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.