விதைக் கணக்கு: எத்தனை போட்டால் எத்தனை கன்று வரும்?

லயத்துக்குப் பின்னால் இருக்கிற துண்டு நிலத்தில் நம்மில் பலபேர் லீக்ஸ், கோவா, போஞ்சி போடுகிறோம். விதைக்கிற அன்றைக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால் பாத்தியில் பாதி வெறும் மண்ணாகக் கிடக்கும். மறுபடி விதை வாங்கி, மறுபடி முளைக்க விடுவதற்குள் மழை போய்விடும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது. பாதி விதைதான் முளைக்கும் என்று தெரிந்தால், எத்தனை விதை போட வேண்டும்?

நாங்கள் விட்ட பிழை

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். ஒரு தோட்டத்தில் பிள்ளை மடுவத்துக்குப் பக்கத்தில் லீக்ஸ் நட ஏற்பாடு செய்தோம். 300 கன்று வேண்டும். கையில் இருந்தது போன வருடத்து விதை. 100 விதையை முளைக்க வைத்துப் பார்த்தோம், 60 முளைத்தது. “நூற்றுக்கு நாற்பது பழுது. அப்படியென்றால் நூற்றுக்கு நாற்பது கூடப் போட்டால் போதும்” என்று நினைத்து, 300-க்கு 120 சேர்த்து 420 விதை போட்டோம்.

முளைத்து வந்தது ஏறக்குறைய 250 கன்று. கடைசிப் பாத்தி காலி. அங்கே வேலை செய்த ஒரு அக்கா, “ஐயா, கூடப் போட்ட விதை மட்டும் எல்லாம் முளைச்சிருமா?” என்று கேட்டார். பிழை அந்தக் கேள்விக்குள்ளேயே இருந்தது. சேர்த்துப் போட்ட 120 விதையும் அதே டின்னில் இருந்து எடுத்ததுதான். அதிலும் நூற்றுக்கு நாற்பது முளைக்காது. 420 விதையில் நூற்றுக்கு 60 என்றால் 252 கன்றுதான்.

ஆகவே கூட்டக் கூடாது, வகுக்க வேண்டும். கணக்கு இதுதான்:

வேண்டிய கன்று × 100 ÷ நூற்றுக்கு முளைத்தது = போட வேண்டிய விதை

300 × 100 ÷ 60 = 500. திருப்பிப் பார்த்தாலும் சரிவரும்: 500 விதையில் நூற்றுக்கு 60 என்றால் 300. நாங்கள் போட்டதை விட 80 விதை கூட. விதை மோசமாக மோசமாக இந்த வித்தியாசம் பெரிதாகும். நூற்றுக்கு 90 முளைக்கிற விதையில் கூட்டினாலும் வகுத்தாலும் ஏறக்குறைய ஒன்றுதான். நூற்றுக்கு 50 முளைக்கிற விதையில், கூட்டிப் பார்க்கிறவர் ஒன்றரை மடங்கு போடுவார். வேண்டியதோ இரண்டு மடங்கு.

முளைக்கிறதா என்று பார்க்கும் முறை

அந்தக் காலத்தில் தேயிலையும் விதையில் இருந்துதான் வந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டபோது இன்றைக்குப் போலக் கிளை வெட்டி வளர்க்கும் முறை கிடையாது. தேயிலைக் கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளி, அமிழ்ந்ததை எடுப்பார்கள். மிதப்பது உள்ளே காய்ந்து போனது. ஆனால் இந்தத் தண்ணீர்ப் பரிசோதனையை லீக்ஸுக்கும் போஞ்சிக்கும் நம்ப முடியாது. உயிர் போன போஞ்சியும் நன்றாக அமிழும். ஆகவே முளைக்க வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பழைய துணி ஒன்றை நனைத்துப் பிழியுங்கள். அதில் விதையை ஒன்றோடு ஒன்று படாமல் பரப்பி, துணியைச் சுருட்டி, ஒரு பொலித்தீன் பையில் வாயை இறுக்கிக் கட்டாமல் வையுங்கள். நம் குளிருக்கு வீட்டுக்குள்ளே, அடுப்படிக்குக் கொஞ்சம் தள்ளி, இளஞ்சூடு படுகிற இடம் நல்லது. அடுப்புக்கு மேலே வைத்தால் விதை வெந்துவிடும். துணி ஈரமாக இருக்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. போஞ்சியை ஒன்பது நாளிலும் லீக்ஸை இரண்டு கிழமையிலும் எண்ணுங்கள். வேரும் குருத்தும் நல்லபடி வந்ததை மட்டும் எண்ண வேண்டும். பூஞ்சணம் பிடித்தது, வேர் மட்டும் கொஞ்சம் எட்டிப் பார்த்து நின்றுவிட்டது, இவை கணக்கில் சேராது.

பத்து விதை வைத்துப் பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். போதாது. நூற்றுக்கு 70 முளைக்கிற ஒரே டின்னில் இருந்து பத்துப் பத்தாக எடுத்தால், ஒரு தரம் 5 முளைக்கும், இன்னொரு தரம் 9 முளைக்கும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் எங்கேயோ போய்விடுவோம். விதைப் பரிசோதனைக் கூடங்களில் நூறு நூறாக நான்கு தரம், 400 விதை வைத்துப் பார்ப்பார்கள். நமக்கு வீட்டில் 50 விதையாவது வேண்டும், 100 இருந்தால் நல்லது. முளைத்த போஞ்சியை வீசத் தேவையில்லை, வேர் நீளுவதற்கு முன்னே மண்ணில் வைத்துவிடலாம்.

பாதிக்கும் குறைவாக முளைத்தால் அந்த விதையை விட்டுவிடுவதே நல்லது. மிச்சம் முளைப்பதும் பிந்தி, மெலிந்துதான் வரும். லீக்ஸ் விதை சீக்கிரம் உயிர் இழக்கிற சாதி. ஈரக்காற்றுப் படும்படி வைத்தால் அடுத்த வருடத்துக்கே பெரும்பாலும் கெட்டுவிடும்.

கணக்குக்கு மேலே கொஞ்சம்

500 விதை போட்டால் 300 கன்று என்றோமே, அது சராசரி. ஒரு தரம் 310 வரும், ஒரு தரம் 290 வரும். சரியாக 500 போட்டால், குறைந்து போவதற்கும் கூடிப் போவதற்கும் ஏறக்குறைய சம வாய்ப்பு. அதோடு, முளைத்த கன்று எல்லாம் நடுகைக்கு வந்து சேராது. நாற்றுமேடையில் தண்டு அழுகிச் சாய்வது உண்டு, வெட்டுப்புழு அறுப்பது உண்டு. பத்தில் ஒன்று போகும் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நூறு விதை போட்டால் முளைப்பது 60, அதில் 6 போக நடுகைக்கு நிற்பது 54. இனி 60-க்குப் பதில் 54 ஆல் வகுக்க வேண்டும்: 300 × 100 ÷ 54 = 556. சராசரிக்கு மேலே ஒரு கை கூட்டி 600 என்று வைத்தால், 300 கன்று குறைவதற்கு வாய்ப்பு மிகக் குறைவு.

லீக்ஸ் விதையை யார் 600 எண்ணுவது? எண்ண வேண்டாம். 100 விதையை மட்டும் எண்ணி ஒரு சின்னப் போத்தல் மூடியில் போட்டு, எதுவரைக்கும் நிற்கிறது என்று கோடு கீறுங்கள். அந்தக் கோட்டுக்கு ஆறு தரம் அளந்தால் ஏறக்குறைய 600.

போஞ்சிக்கு வேறு கணக்கு

லீக்ஸை நாற்றுமேடையில் போட்டு எடுத்து நடுகிறோம். எங்கே முளைத்தாலும் கவலையில்லை, மொத்தம் சரியாக இருந்தால் போதும். போஞ்சியை நேரே குழியில் போடுகிறோம். அங்கே ஒவ்வொரு குழியிலும் ஒரு செடி வேண்டும். பக்கத்துக் குழியில் இரண்டு முளைத்ததால் இந்தக் குழி நிரம்பாது.

100 குழி, நூற்றுக்கு 70 முளைக்கிற விதை என்று வைப்போம். குழிக்கு ஒரு விதை போட்டால் 30 குழி காலி. குழிக்கு இரண்டு போட்டால்? முதல் விதை முளைக்காத குழி 30. அந்த முப்பதில் இரண்டாவது விதையும் முளைக்காதது, முப்பதில் நூற்றுக்கு முப்பது, அதாவது 9. ஆக 9 குழிதான் காலி. மூன்று போட்டால் அந்த ஒன்பதும் ஏறக்குறைய 3 ஆகக் குறையும். ஆனால் 6 குழியை நிரப்ப 100 விதை கூடச் செலவாகிறது. அது கட்டுபடியாகாது.

அதனால் குழிக்கு இரண்டு போடுங்கள். அதே நாளில் ஒரு 20 விதையைப் பழைய யோகட் கோப்பைகளில், அடியில் துளை போட்டு, தனியாகப் போடுங்கள். அதில் 14 அளவு முளைக்கும். இரண்டு கிழமையில் காலியான குழிகளில், வேரை அசைக்காமல் மண்ணோடு அதை வைத்துவிடலாம். 300 விதைக்குப் பதில் 220 விதையில் தோட்டம் நிரம்பும். இரண்டும் முளைத்த குழியில் மெலிந்ததைப் பிடுங்காமல் நகத்தால் கிள்ளிவிடுங்கள். பிடுங்கினால் மற்றதின் வேரும் ஆடும்.

கணக்கு எங்கே பலிக்காது

ஒரு விதை போனாலும் பக்கத்து விதைக்கு ஒன்றும் ஆகாது என்ற நிலையில்தான் இந்தக் கணக்கு சரிவரும். தண்ணீர் தேங்கிய குழியில் இரண்டு விதையும் சேர்ந்தே அழுகும். மூன்று போட்டால் மூன்றும் அழுகும். நுவரெலியாப் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில் உறைபனி விழுகிற நாளில் போஞ்சி போட்டால், குளிர்ந்த மண்ணில் முளைக்காமலே கிடந்து கெட்டுவிடும். அடுப்படியில் நூற்றுக்கு 70 வந்த விதை அங்கே 30 கூட வராமல் போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முளைக்காத குழியைத் தோண்டிப் பாருங்கள். காலிக் குழிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் விதைக் குறை. அதற்கு மேலே சொன்ன கணக்கு உதவும். ஒரு வரிசையோ ஒரு மூலையோ சேர்ந்தாற்போல் காலியாக இருந்து, விதை நசநசவென்று அழுகியிருந்தால் தண்ணீர்தான் காரணம். அங்கே வாய்க்கால் வெட்ட வேண்டும், பாத்தியை உயர்த்த வேண்டும். விதையே காணவில்லை என்றால் எலி. இந்த இடங்களில் விதையைக் கூட்டுவது வீண்செலவு.

வீட்டுக் கணக்கு

பிள்ளைகளோடு சேர்ந்து செய்து பாருங்கள். 240 கோவாக் கன்று வேண்டும். 50 விதை வைத்துப் பார்த்ததில் 40 முளைத்தது. நாற்றுமேடையில் பத்துக்கு ஒன்று சாகும். எத்தனை விதை போட வேண்டும்?

விடை: 50-க்கு 40 என்றால் நூற்றுக்கு 80. அதில் பத்தில் ஒன்று போனால் 72. 240 × 100 ÷ 72 = 333. ஒரு கை கூட்டி 360 போடுங்கள்.