சைக்கிளில் ஆபீஸ்: எத்தனை நிமிஷம் ஆகும்?

“டாக்டர், காலையில் சைக்கிளில் சுலபமாகப் போய்விடுகிறேன். சாயங்காலம் அதே ரோட்டில் திரும்பும்போது நேரமும் கூடுகிறது, மூச்சும் வாங்குகிறது. உடம்பில் ஏதாவது கோளாறா?” என்று கேட்பவர்கள் உண்டு. பதில் சொல்லும் முன் ஒரு சின்னக் கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை நீங்களே வீட்டில் போடலாம்.

சென்னையையே எடுத்துக்கொள்வோம். உங்கள் வீடு திருவான்மியூரில், வேலை கிண்டி தொழிற்பேட்டையில். தூரம் 8 கிலோமீட்டர், வழியில் 6 சிக்னல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் உங்கள் வேகம். காற்று இல்லாத ஒரு விடியற்காலையில், சிக்னல் இல்லாத ஒரு கிலோமீட்டரை ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. அதுதான் உங்களுக்கு ஏற்ற வேகம். சாதாரண சைக்கிளில் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் நடுத்தர வயதுக்காரருக்குக் கிலோமீட்டருக்கு 4 நிமிஷம், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டர் வரும். 8 கிலோமீட்டருக்கு 32 நிமிஷம்.

அடுத்தது சிக்னல். ஒரு சுற்று 120 விநாடி, அதில் சிவப்பு 90 விநாடி என்றால், நாலு தடவை போனால் மூன்று தடவை மாட்டுவோம். மாட்டும்போதும் முழு 90 விநாடி நிற்பதில்லை. சில நாள் 5 விநாடி, சில நாள் 85, சராசரி 45. மாட்டாத தடவையையும் சேர்த்துப் பார்த்தால் சிக்னலுக்குச் சுமார் 34 விநாடி. நின்று மறுபடி மிதித்து வேகம் பிடிக்க ஆகும் நேரத்தையும் கூட்டி 40 விநாடி என்று வையுங்கள். 6 சிக்னலுக்கு 4 நிமிஷம். எல்லாம் சிவப்பாக விழும் நாளும் வரும் என்பதால் கையில் 3 நிமிஷம் கூடுதலாக வைத்துக்கொண்டால் போதும்.

ஆக, காலையில் 36 நிமிஷம். சாயங்காலமும் அதேதானே என்கிறீர்களா? அங்கேதான் காற்று குறுக்கே வருகிறது!

கோடையில் சென்னையில் மதியத்துக்கு மேல் தென்கிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். கிண்டியிலிருந்து திருவான்மியூர் திரும்புகிறவருக்கு அது நேர் எதிர்காற்று. வானிலை அறிக்கை சொல்லும் வேகம் திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. கட்டிடங்கள் நிறைந்த தெருவில் அதில் ஏறக்குறைய பாதிதான் நம்மேல் படும். 16 என்று சொன்னால் நமக்கு 8. அதே பலத்தோடு மிதித்தால், எதிர்காற்றின் வேகத்தில் பாதியளவு நம் வேகம் குறையும் என்பது கைக்கணக்கு. 15-லிருந்து 4 போக, மிச்சம் 11.

மணிக்கு 11 கிலோமீட்டரில் 8 கிலோமீட்டர் போக 44 நிமிஷம். சிக்னலுக்கு 4. மொத்தம் 48 நிமிஷம். காலையைவிட 12 நிமிஷம் அதிகம். உடம்பு அப்படியேதான் இருக்கிறது, காற்றுதான் மாறியிருக்கிறது.

இது தெரியாதவர் என்ன செய்கிறார்? “காலையில் 36-ல் வந்தோமே” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மிதிக்கிறார். அந்தக் காற்றில் 15 கிலோமீட்டர் வேகம் பிடிக்க ஒன்றரை மடங்குக்கும் மேல் பலம் வேண்டும். அதனால்தான் மூச்சு வாங்குகிறது, முழங்கால் வலிக்கிறது. போதாததற்கு, போன நேரத்தைப் பிடிக்கச் சிவப்பு விளக்கைத் தாண்டத் தோன்றுகிறது. அதில் மிஞ்சுவது சிக்னலுக்கு 40 விநாடி. போவது உயிராக இருக்கலாம். சாயங்காலத்துக்கு 50 நிமிஷம் ஒதுக்கிவிட்டு, பேசிக்கொண்டே ஓட்டும் அளவில் மிதியுங்கள். கியர் இருந்தால் இலகுவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் காற்றின் தலையில் கட்டிவிடக் கூடாது. காற்றில்லாத காலையில் வழக்கமாக 36 நிமிஷம் ஆகும் பயணம், சில வாரங்களாக 42, 45 என்று நீண்டால் கவனியுங்கள். முதலில் டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் கட்டை ரிம்மில் உரசுகிறதா, செயினுக்கு எண்ணெய் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவை சரியாக இருந்தும், பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால், இரத்த அழுத்தம், இரத்தசோகை, சர்க்கரை, இதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஓட்டும்போது நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடையில் வலி, தலைசுற்றல் வந்தால் உடனே இறங்கிவிடுங்கள். கஷாயம், சூரணம் என்று வீட்டில் தாமதிக்காமல் 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

காலை நேரத்தை மட்டும் தினமும் காலண்டரின் ஓரத்தில் குறித்து வாருங்கள். காற்று இல்லாத அந்த நேரத்தில், சைக்கிளும் சரியாக இருந்தால், அந்த எண் காட்டுவது உங்கள் உடம்பைத்தான்.