கரித்துண்டில் மூன்று கார்பன்கள்

ஒன்பதாம் வகுப்பில் அணு அமைப்புப் பாடத்தை நடத்தும்போது சிவகாசிப் பகுதிப் பிள்ளைகளிடமிருந்து எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது: "கார்பன்-14 கதிரியக்கம் உள்ளது என்றால், அதைக் கரிமருந்தில் சேர்த்தால் வெடி இன்னும் பலமாக வெடிக்குமா?" ஐசோடோப்பை விளக்க இந்தக் கேள்வியே நல்ல தொடக்கம்.

கரிமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் ஆகியவற்றின் கலவை. இதில் கரித்தூளில் உள்ள கார்பன் எரிகிறது. எரிதல் ஒரு வேதிவினை. அதில் பங்கு பெறுபவை எலக்ட்ரான்கள் மட்டுமே. கார்பன் அணு எதுவாயினும் அதில் 6 புரோட்டான்களும் 6 எலக்ட்ரான்களும் உள்ளன. ஆகவே கார்பன்-12, கார்பன்-13, கார்பன்-14 மூன்றும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் எரியும். வேறுபாடு உட்கருவில் உள்ள நியூட்ரான்களில்தான் இருக்கிறது: முறையே 6, 7, 8.

இதைக் காட்ட மூன்று தட்டுகள் போதும். ஒவ்வொன்றிலும் புரோட்டான்களாக 6 புளியங்கொட்டைகளை வைக்கச் சொல்வேன். நியூட்ரான்களாக முதல் தட்டில் 6, அடுத்ததில் 7, மூன்றாவதில் 8 மொச்சைகள். புளியங்கொட்டைகளின் எண்ணிக்கை அணு எண். மொத்த எண்ணிக்கை நிறை எண். பின்பு மூன்றாம் தட்டில் ஒரு மொச்சையை எடுத்துவிட்டு ஒரு புளியங்கொட்டையை வைக்கச் சொல்வேன். இப்போது 7 புரோட்டான், 7 நியூட்ரான், அது நைட்ரஜன்-14. மொத்தம் மாறவில்லை, தனிமம் மாறிவிட்டது. கார்பன்-14 சிதையும்போது நடப்பது இதுதான். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறி, ஓர் எலக்ட்ரான் வெளியேறுகிறது. ஐசோபார் என்ற சொல்லும் இங்கேயே விளங்கிவிடும்.

"அப்படியானால் கரி ஆபத்தா?" என்று அடுத்த கேள்வி வரும். புதிய கரியில் ஏறக்குறைய ஒரு இலட்சம் கோடி கார்பன் அணுக்களுக்கு ஒன்றுதான் கார்பன்-14. ஒரு கிராம் கார்பனில் நிமிடத்திற்குச் சுமார் 14 அணுக்கள் சிதைகின்றன. நம் உடலிலும் அதே விகிதத்தில் அது உண்டு. அச்சப்பட ஒன்றுமில்லை.

இந்தச் சிறு அளவுதான் கீழடியின் காலத்தைச் சொன்னது. மரம் உயிரோடிருக்கும்வரை காற்றிலிருந்து கார்பன்-14ஐப் பெற்றுக்கொண்டே இருக்கும். இறந்தபின் வரவு நின்றுவிடுகிறது. இருப்பு மட்டும் குறைகிறது. 5,730 ஆண்டுகளில் பாதி மிஞ்சும். கீழடியில் 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரி, அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டு, கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. 2019இல் தமிழ்நாடு தொல்லியல் துறை இதை வெளியிட்டது.

அதாவது ஏறக்குறைய 2,600 ஆண்டுகள். அத்தகைய கரியில் 100க்கு 73 பங்கு கார்பன்-14 மிஞ்சியிருக்கும். இதைத் தலைகீழாக மாணவர்களிடம் கொடுங்கள்: 73 பங்கு மிஞ்சினால் வயது என்ன? பலர் நேர்விகிதத்தில் கணக்கிடுவார்கள். 50 பங்கு குறைய 5,730 ஆண்டு எனில் 27 பங்கு குறைய 3,094 ஆண்டு என்பார்கள். விடை ஏறக்குறைய 500 ஆண்டுகள் தவறிவிடும். சிதைவு, மிஞ்சியிருக்கும் அளவைப் பொறுத்தது. அளவு குறையக் குறைய வேகமும் குறையும். எனவே வரைபடத்தில் நேர்கோடு வராது, வளைகோடுதான் வரும். வளைகோட்டை வரையச் செய்து, 73க்கு நேரே வயதைப் படிக்கச் சொன்னால் 2,600 கிடைக்கும். ஆய்வகத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. காற்றில் கார்பன்-14 எல்லாக் காலத்திலும் ஒரே அளவில் இருந்ததில்லை என்பதால், வயது தெரிந்த மரவளையங்களோடு ஒப்பிட்டுச் சரிசெய்கிறார்கள்.

இம்முறையின் வரம்புகளையும் சொல்ல வேண்டும். பானை ஓட்டுக்கு நேரடியாக வயது கிடைப்பதில்லை. அதே மண்ணடுக்கில் கிடைத்த கரிக்கே கிடைக்கிறது. அந்த வயதும் மரம் வளர்ந்த காலத்தைத்தான் குறிக்கும், எரித்த நாளை அல்ல. பழைய உத்தரத்தை எரித்திருந்தால் காலம் முன்தள்ளிப் போகும். புதிய வேர்நார் போன்றவை கலந்தாலும் பிழை வரும். நூற்றில் ஒரு பங்கு புதிய கார்பன் கலந்தால், கீழடிக் கரியின் வயது 30 ஆண்டு குறைவாகத் தோன்றும். 50,000 ஆண்டு பழைய கரியிலோ அதே கலப்பு வயதை 36,000 எனக் காட்டிவிடும். அதனால்தான் 50,000 ஆண்டுகளுக்கு மேல் இம்முறை பயன்படுவதில்லை. நிலக்கரிக்கு இதன்மூலம் வயது காண இயலாது.

நம் மாவட்டத்திலேயே வைப்பாற்றங்கரை வெம்பக்கோட்டையில் அகழாய்வு நடந்துள்ளது. அங்குள்ள ஒரு கரித்துண்டைக் கையால் தொடாமல் ஏன் எடுக்க வேண்டும் என்று மதிப்பீட்டு வினாவாகக் கேட்டுப் பாருங்கள். சரியாக விடை எழுதும் மாணவர், ஐசோடோப்பைப் புரிந்துகொண்டவர்.