பக்கத்து வீட்டுச் சத்தம்: வாடகைக்கு இருப்பவருக்கு என்ன பதில் எழுதுவது?

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா போன்ற நகரங்களில் எமது வியாபாரிகள் பலர் கீழே கடையும் மேலே இரண்டு மூன்று வீடுகளுமாகக் கட்டி வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். கடைக்கு வரும் வாடிக்கையாளர் முறைப்பாடு சொன்னால் பக்குவமாகப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள், மேல்மாடியில் இருப்பவர் "பக்கத்து வீட்டுச் சத்தம் தாங்க முடியவில்லை" என்று எழுதினால் மட்டும் தடுமாறிவிடுகிறார்கள். ஒரு சாரார், "அது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒதுங்குகிறார்கள். மறு சாரார் கோபத்தில், "அவரை இந்த மாதமே எழுப்பி விடுகிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டும் பின்னால் பிரச்சினையாகும்.

எமது நாட்டில் வீட்டு வாடகை விஷயத்தில் ரோமன்-டச்சுச் சட்டத்தின் அடிப்படை இன்றும் உண்டு. வீட்டை வாடகைக்குக் கொடுத்தவர், இருப்பவர் அதை இடையூறின்றி அனுபவிக்க விட வேண்டும். வீதியில் போகிற எவரோ போடும் சத்தத்துக்கெல்லாம் நாம் பொறுப்பல்ல. ஆனால் சத்தம் போடும் பக்கத்து வீட்டுக்காரரும் நமக்கே வாடகை தருபவர் என்றால், "எனக்கென்ன" என்று இருந்துவிட முடியாது. மறுபுறம், அவரை நினைத்த மாத்திரத்தில் எழுப்பவும் முடியாது. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம், அயலவருக்குத் தொல்லை தருவதை வெளியேற்றுவதற்கான காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் அது தொல்லைதானா என்பதை நீதிமன்றமே தீர்மானிக்கும், கட்டிடச் சொந்தக்காரர் அல்ல. உங்கள் கட்டிடத்துக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பதே தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். ஹட்டன் நகரில் ஒரு பழைய கட்டிடம். கீழே பலசரக்குக் கடை, மேலே ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்ட இரண்டு வீடுகள். ஒன்றில் ஒரு ஆசிரியை, அவரது மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். மற்றதில் ஒரு தையற்காரர் குடும்பம். அரசாங்கம் கொடுக்கும் சீருடைத் துணி பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டால் தையற்காரருக்கு இரவு பகல் கிடையாது. டீச்சர் எழுதுகிறார்: "இரண்டு வாரமாக இரவு 11.30 வரை மெசின் சத்தம். மகளுக்குப் படிக்கவும் முடியவில்லை, தூங்கவும் முடியவில்லை. நீங்கள் ஒரு முடிவு சொல்லாவிட்டால் நாங்கள் வேறு வீடு பார்க்க வேண்டியிருக்கும்."

இதற்கு அன்றே, அல்லது மறுநாள் பகலுக்குள் எழுத வேண்டிய பதில் இப்படி இருக்கலாம்:

"அன்புள்ள டீச்சர் அவர்களுக்கு, வணக்கம். உங்கள் கடிதம் இன்று காலை கிடைத்தது. பக்கத்து வீட்டிலிருந்து இரண்டு வாரமாக இரவு 11.30 வரை தையல் மெசின் சத்தம் வருவதாகவும், மகளின் படிப்பும் தூக்கமும் கெடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பரீட்சைக் காலத்தில் இது எவ்வளவு சிரமம் என்பது எனக்கு விளங்குகிறது.

வருகிற வியாழக்கிழமை இரவு 9.30க்கு நானும் மனைவியும் உங்கள் வீட்டுக்கு வந்து, மகள் படிக்கும் அறையில் இருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பார்க்க விரும்புகிறோம். உங்களுக்கு வசதியில்லாவிட்டால் வேறு நாள் சொல்லுங்கள். மறுநாள் பக்கத்து வீட்டாருடன் பேசுவேன். அவர்கள் பக்கத்தையும் கேட்ட பிறகே நான் ஒரு முடிவு சொல்ல முடியும். சுவரிலோ சீலிங்கிலோ வேலை செய்ய வேண்டியிருந்தால் அது என்னுடைய செலவு. என்ன செய்தோம், எது முடியவில்லை என்பதை அடுத்த புதன்கிழமைக்குள் எழுத்தில் அறிவிப்பேன்.

அதுவரை சத்தம் தொடங்கும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் ஒரு கொப்பியில் நாளோடு குறித்து வையுங்கள். இடையில் தாங்க முடியாமல் போனால் நேரே அவர்களுடன் பேசாமல் எனக்கு ஒரு கோல் எடுங்கள். இப்படிக்கு..."

இந்தக் கடிதத்தில் என்ன இல்லை என்று பாருங்கள். தையற்காரரைப் பற்றி ஒரு குற்றச் சொல்லும் இல்லை. நாளைக்கு இந்தக் கடிதம் அவர் கைக்கும் போகலாம், மத்தியஸ்த சபைக்கும் போகலாம். எழுப்பி விடுகிறேன் என்ற பேச்சு இல்லை. வாடகையைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. சிலர் பேச்சைத் தணிக்க "இந்த மாதம் வாடகையில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் சத்தத்துக்கு ஒரு விலை வைத்தது போலாகிவிடும், சத்தம் நிற்கும் வரை அந்தக் கழிவைக் கேட்பார்கள்.

இருப்பது என்ன? அவர் சொன்னதை நேரத்தோடும் விபரத்தோடும் திருப்பி எழுதியிருக்கிறோம். பாதிக் கோபம் அதிலேயே அடங்கிவிடும், ஏனென்றால் முறைப்பாடு செய்பவருக்கு முதலில் வேண்டியது, நாம் வாசித்தோமா என்ற நிச்சயம்தான். பிறகு நமது கையில் உள்ள நான்கு காரியங்களை மட்டும் நாள் குறித்துச் சொல்லியிருக்கிறோம். வட்ஸ்அப்பில் அனுப்பினாலும் பரவாயில்லை. ஆனால் எழுத்தாக இருக்கட்டும், வொய்ஸ் மெசேஜ் வேண்டாம்.

வியாழக்கிழமை இரவு போய்க் கேட்பதுதான் முக்கியமான வேலை. பகலில் போய்ப் பயனில்லை. பகலில் கீழே கடை, வீதியில் பஸ், அதற்குள் அந்தச் சத்தம் மறைந்துவிடும். அறையில் விளக்கையும் டிவியையும் அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு பங்குச் சுவரில் உள்ளங்கையை வையுங்கள். கை அதிர்ந்தால், சத்தம் கட்டிடத்தின் வழியாகவே வருகிறது என்று அர்த்தம். மெசினின் மேசைக் கால் தரையில் மோதுகிறது, தரையும் சுவரும் அதைச் சுமந்து வருகின்றன. இதற்குத் திரைச்சீலை, அலுமாரி எதுவும் உதவாது. கை அதிராமல் பேச்சுக்குரலும் வானொலியும் தெளிவாகக் கேட்டால், அது காற்றுப் போகும் ஓட்டை வழியாக வருகிறது.

மலைநாட்டுப் பழைய கட்டிடங்களில் அந்த ஓட்டை பெரும்பாலும் தலைக்கு மேலே இருக்கும். இரு வீட்டுக்கும் நடுவேயுள்ள சுவர் சீலிங் பலகை வரைதான் எழும்பியிருக்கும். அதற்கு மேல் தகரக் கூரை வரை இரு வீட்டுக்கும் ஒரே வெற்றிடம். லயங்களில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் கேட்கும். சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அந்த இடைவெளியைக் கல்லோ கனமான பலகையோ வைத்துக் கூரை வரை மூடுவது ஒரு பாஸின் ஓரிரு நாள் வேலை. வயர் போகும் துளைகளையும் விடாமல் பூசச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் செலவு செய்தும் சத்தம் குறையாது.

எமது உதாரணத்தில் கை அதிர்கிறது. வெள்ளிக்கிழமை தையற்காரரிடம் போகும்போது, "டீச்சர் முறைப்பாடு செய்தார்" என்று தொடங்காதீர்கள். இரண்டே வீடுள்ள இடத்தில் யார் சொன்னது என்பதை மறைக்கவும் முடியாது, மறைப்பதாக நடிக்கவும் வேண்டாம். "நேற்று இரவு நானே அடுத்த அறையில் இருந்து கேட்டேன், சுவர் அதிர்கிறது" என்று சொல்லுங்கள். அப்போது அது உங்கள் பேச்சாகிவிடுகிறது, இரு குடும்பத்துக்கும் இடையில் பகை மூளாது. அவருடைய பிழைப்பும் இதில் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. "முதலாளி, சீருடைக் காலம் போனால் எனக்கு வருமானமே இல்லை" என்று அவர் சொல்வது பொய்யல்ல.

எனவே முதலில் மெசினைப் பங்குச் சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு மாற்றச் சொல்லுங்கள். மேசைக் கால்களுக்குக் கீழே தடித்த ரப்பர் துண்டு வைக்கச் சொல்லுங்கள். டயர் கடையில் கேட்டாலும் கிடைக்கும். பழைய ஜூக்கி மெசின்களில் உள்ள கிளச் மோட்டார், தைக்காத நேரத்திலும் ஓடி இரைந்துகொண்டே இருக்கும். சேர்வோ மோட்டார் காலை எடுத்தவுடன் நின்றுவிடும், கரண்ட் பில்லும் குறையும். மோட்டாரை மாற்றுவது அவர் விருப்பம். நீங்கள் பாதிச் செலவைப் போட்டு, மீதியை அவர் தவணையில் தரலாம் என்றால் ஒருவேளை உடன்படுவார். டீச்சர் எழும்பிப் போனால் வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தாலும் அந்தச் செலவு போய்விடும் என்று கணக்குப் போடுங்கள்.

பிறகு நேரம். இரவு 10 மணிக்கு மெசின் நிற்க வேண்டும் என்பது நியாயமான எல்லை. வெலிகமையில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பாக எழுந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2007இல் ஒலிபெருக்கி அனுமதிகளுக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை தடை விதித்தது எமது வாசகர்களுக்கு ஞாபகமிருக்கும். அது ஒலிபெருக்கிக்கான கட்டளைதான், தையல் மெசினுக்கல்ல. ஆனாலும் "பத்து மணி" என்றால் எவரும் தர்க்கம் பண்ணாத அளவுக்கு அது ஊரறிந்த எல்லை. பரீட்சை முடியும் வரை 9 மணி, பிறகு 10 மணி என்று இருவரும் உடன்பட்டால் இன்னும் நல்லது. உடன்பட்டதை இரண்டு வரியில் எழுதி ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

சிலர் கையடக்கத் தொலைபேசியில் டெசிபல் அளந்து கொண்டுவருவார்கள். சத்தக் கட்டுப்பாட்டுக்காக 1996இல் வந்த சுற்றாடல் ஒழுங்குவிதிகளில் அளவுகள் உண்டு. ஆனால் அவை சத்தம் எழும் காணியின் எல்லையில் அளப்பதற்கானவை. ஒரே கட்டிடத்தில் ஒரு சுவருக்கு இரு பக்கமும் இருப்பவர்களின் வழக்கு அதில் தீராது. ஃபோனில் வரும் எண்ணைப் பற்றித் தர்க்கப்படுவதை விட டீச்சரின் கொப்பிதான் பயன்படும்.

புதன்கிழமை இரண்டாவது கடிதம் போக வேண்டும். அது சின்னதாக இருந்தால் போதும்: மெசின் மாற்றியாகிவிட்டது, ரப்பர் வைத்தாகிவிட்டது, 9 மணிக்கு நிறுத்த உடன்பட்டிருக்கிறார், இரண்டு வாரம் கொப்பியைத் தொடர்ந்து எழுதுங்கள், பிறகு பார்ப்போம். வேலை முடியாவிட்டாலும் சொன்ன நாளில் இந்தக் கடிதம் போகத்தான் வேண்டும். "பாஸ் வரவில்லை, சனிக்கிழமை வருவார்" என்று எழுதினாலும் போதும். நாளைத் தவறவிட்டால் முதல் கடிதத்தின் பயன் முழுவதும் போய்விடும்.

இரண்டு வாரத்துக்குப் பிறகும் 11.30 என்றே கொப்பி சொன்னால், தையற்காரருக்கு எழுத்தில் ஒரு அறிவித்தல் கொடுங்கள், உடன்பட்டதன் பிரதியையும் இணைத்துவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மத்தியஸ்த சபை இருக்கிறது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. கட்டணம் கிடையாது, சட்டத்தரணியைக் கூட்டிக்கொண்டு போகவும் தேவையில்லை. அங்கு யாரும் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள், இரு தரப்பையும் இணங்க வைக்கத்தான் பார்ப்பார்கள். ஆகவே டீச்சருக்கு, "அங்கு போனால் முடிந்துவிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

பக்கத்து வீடு உங்களுடையதல்ல, வேறொரு முதலாளியுடையது என்றால் கடிதத்தில் ஒரு வரி மாறும். "பக்கத்து வீட்டாருடன் பேசுவேன்" என்பதற்குப் பதிலாக, "அந்த வீட்டுச் சொந்தக்காரருடன் பேசுவேன், அவர் சொல்லும் பதிலை அப்படியே உங்களுக்கு அறிவிப்பேன்" என்று எழுதுங்கள். உங்கள் பக்கச் சுவரையும் சீலிங்கையும் அடைப்பது அப்போதும் உங்கள் கையில்தான் இருக்கிறது.