சர்க்கரை சேர்த்தால் கெடாதா?

வீட்டில் தயாரித்துப் புட்டியில் அடைக்கும் ஸ்குவாஷ், சர்பத், ஜாம் ஆகியவற்றைப் பற்றிப் பேச்சு எழும் இடமெல்லாம் ஒரு கூற்று தவறாமல் தலைகாட்டுகிறது. சர்க்கரை தாராளமாகச் சேர்த்துவிட்டால் எதுவும் கெடாது, ஓராண்டு வரை அலமாரியிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பதே அது. எத்தனை முறை மறுக்கப்பட்டாலும் இக்கூற்று மறையவில்லை. புட்டி வெடித்த வீடுகளில்கூட, பழி பழத்தின் மீதோ வெயிலின் மீதோதான் விழுகிறது.

சர்க்கரை நுண்ணுயிரிகளைக் கொல்வதில்லை. அவற்றுக்குத் தேவையான நீரைத் தன்னுடன் பிணைத்துக்கொண்டு, அவை பெருக முடியாத வறட்சியை உண்டாக்குகிறது, அவ்வளவே. இதற்கு, பொருளில் கரைந்துள்ள சர்க்கரை முதலியவற்றின் மொத்த அளவாகிய கரைதிடம், எடையில் ஏறத்தாழ 65 விழுக்காட்டை எட்ட வேண்டும். முறையாகக் காய்ச்சிய ஜாமும் கெட்டியான சர்பத்தும் அந்த எல்லையைத் தொடுகின்றன, ஸ்குவாஷ் தொடுவதில்லை. இந்தியச் சட்டம் ஸ்குவாஷுக்குக் குறைந்தது 40 விழுக்காடு கரைதிடம் போதும் என்று வரையறுத்து, கெடாமல் காக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவும் இடமளித்திருப்பதை எண்ணிப் பார்த்தாலே, அந்த இனிப்பு தனியாக எதையும் காக்காது என்பது விளங்கிவிடும்.

பெரும்பாலான வீடுகளில் பின்பற்றப்படும் ‘ஒரு டம்ளர் சாற்றுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை’ என்ற கணக்கையே எடுத்துக்கொள்ளலாம். 200 மில்லி டம்ளரில் தலைதட்டி அளந்த சர்க்கரையின் எடை சுமார் 170 கிராம்தான்; அதே டம்ளர் எலுமிச்சைச் சாற்றின் எடையோ 200 கிராமைத் தாண்டும். சாற்றில் இயல்பாகவே உள்ள கரைதிடத்தைக் கூட்டினாலும் மொத்தம் 50 விழுக்காட்டை எட்டுவதில்லை. 65 விழுக்காடு வேண்டுமானால் அந்த ஒரு டம்ளர் சாற்றுக்கு ஏறக்குறைய இரண்டு டம்ளர் சர்க்கரை தேவைப்படும். இதற்கு மேல், சூடாக ஊற்றி உடனே மூடிய புட்டியின் மூடியில் ஆவி குளிர்ந்து நீர்த்துளிகளாகச் சொட்டுவதால், மேற்பரப்பில் சர்க்கரை குறைந்த மெல்லிய படலம் ஒன்று உருவாகிறது. சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றும் ஒற்றைச் செல் பூஞ்சையாகிய ஈஸ்ட், பெரும்பாலும் அங்கேதான் குடியேறுகிறது. இனிப்பு மிகுந்த கரைசலிலும் மெதுவாக வளரக்கூடிய ஈஸ்ட் வகைகளும் உண்டு என்பதால், கெட்டியான சர்பத்துக்கும் நிரந்தரப் பாதுகாப்பு இல்லை.

நொதித்தலை இனங்காண்பது கடினமன்று. திறக்கும்போது ‘உஸ்’ என்ற ஓசை, கழுத்தோரம் ஏறும் சிறு குமிழிகள், உப்பிய மூடி, கள் போன்ற புளித்த நெடி, தெளிவாக இருந்த சர்பத்தில் புதிதாகத் தோன்றும் கலங்கல், குறைந்துகொண்டே வரும் இனிப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். எலுமிச்சை ஸ்குவாஷில் சதை மேலே ஒதுங்குவதும், நாளடைவில் நிறம் சற்றுப் பழுப்பதும், ஜாமில் சர்க்கரை படிகமாவதும் நொதித்தல் அல்ல. அவற்றைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஒரு கிராம் சர்க்கரை முழுமையாக நொதித்தால் கால் லிட்டர் அளவுக்கு வாயு வெளிப்படும் என்பதால், இறுக மூடிய கண்ணாடிப் புட்டியில் பத்துக் கிராம் நொதித்தாலே இரண்டு லிட்டருக்கும் மேற்பட்ட வாயு அடைபட்டுவிடும். அத்தகைய புட்டியை முகத்தருகே வைத்துத் திறப்பது அறியாமையின் உச்சம்.

பொங்கியதை மீண்டும் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பதும் வீண் நம்பிக்கையே. ஈஸ்ட் மடியுமே தவிர, கெட்ட சுவையும் இழந்த சர்க்கரையும் மீளா. ஜாமின் மேல் படர்ந்த பூஞ்சையைக் கரண்டியால் வழித்தெறிந்துவிட்டு மீதியை உண்ணலாம் என்பது அதனினும் தவறு, ஏனெனில் சில பூஞ்சைகளின் நச்சுப்பொருள்கள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளேயும் பரவக்கூடும்.

காப்புப்பொருள் சேர்க்காத ஸ்குவாஷ், தமிழ்நாட்டுக் கோடையில் வெளியே சில நாட்களும் குளிர்பெட்டியில் இரண்டு மூன்று வாரங்களும் தாங்கும். லிட்டருக்கு 0.6 கிராம் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைச் சிறிது நீரில் கரைத்து, ஆறிய ஸ்குவாஷில் கலந்து, கொதிநீரில் சுத்தம் செய்த புட்டியில் அடைத்தால், திறக்காதவரை ஆறு மாதம் வரை இருக்கும். திராட்சையின் நிறத்தை இது வெளுக்கச் செய்வதால் அங்கே சோடியம் பென்சோவேட்டே ஏற்றது. ஆஸ்துமா உள்ளோருக்கு மெட்டாபைசல்பைட் ஒவ்வாமல் போகலாம். நன்கு காய்ச்சிச் சூடாக அடைத்த ஜாம் ஓராண்டு தாங்கினாலும், திறந்தபின் குளிர்பெட்டியில் ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுவதே முறை.

0.6 கிராமைச் சிட்டிகையால் அளக்க முடியாது, சர்க்கரையை டம்ளரால் அளந்தால் என்ன நேர்கிறது என்பதும் மேலே கண்டதே. இத்தனை மிக்சியும் கிரைண்டரும் வாங்கும் வீடுகள், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சமையலறைத் தராசையும், பொடிக்கென்று கிராமின் பத்தில் ஒரு பங்கைக் காட்டும் சிறு தராசையும் மட்டும் ஏன் ஆடம்பரமாகக் கருதுகின்றன என்பது விளங்கவில்லை.