ஒரே வினைக்குப் பல விடை: சமன்பாட்டைச் சமன்செய்ய எந்த முறை?

தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூலின் முதல் பாடத்தில், காஸ் நீக்கல் முறையைக் கொண்டு C5H8 + O2 → CO2 + H2O என்ற சமன்பாட்டைச் சமன்செய்யும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. முறை புரிவதற்கு அது நல்ல கணக்கு. ஆனால் இந்த வினைக்கு அணியே தேவையில்லை. ஐந்து கார்பனுக்கு ஐந்து CO2, எட்டு ஹைட்ரஜனுக்கு நான்கு H2O, வலப்பக்கம் ஆக்சிஜன் பதினான்கு, ஆகவே ஏழு O2. எரிதல் வினைகளுக்கும், மூன்று நான்கு பொருள்களுக்கு மேல் இல்லாத எளிய வினைகளுக்கும் கண்ணால் பார்த்துச் சமன்செய்வதே போதும்.

பொருள்கள் ஆறு ஏழு என்று கூடும்போதுதான் எந்த வழியில் போவது என்ற கேள்வி வருகிறது. ஒன்று, எலக்ட்ரான்களைக் கணக்கிடும் அரைவினை முறை. மற்றொன்று, தனிமங்களின் எண்ணிக்கையை அணியாக எழுதி அதன் சுழிவெளியைக் காண்பது. கணினி கையில் இருப்பவர்களுக்கு இரண்டாவதுதான் கவர்ச்சியாகத் தெரியும். அதற்கு உண்மையான பலமும் உண்டு. ஆனால் அதன் பெரிய பயன் விடையைத் தருவதில் இல்லை, எத்தனை விடைகள் இருக்கின்றன என்று சொல்லிவிடுவதில்தான் இருக்கிறது என்பேன். கல்லூரி ஆய்வகங்களில் தரம்பார்க்கும் ஒரு வினையை எடுத்துக்கொண்டால் இது விளங்கும்.

KMnO4 + H2O2 + H2SO4 → K2SO4 + MnSO4 + H2O + O2

அணியில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிரல், ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு நிரை. வினைபடு பொருள்களின் எண்ணிக்கையை நேர்க்குறியோடும், விளைபொருள்களின் எண்ணிக்கையை எதிர்க்குறியோடும் எழுத வேண்டும். நிரல்களை எந்தெந்த எண்களால் பெருக்கிக் கூட்டினால் எல்லா நிரைகளிலும் பூச்சியம் வருமோ, அந்த எண்களின் தொகுப்புகள்தாம் சுழிவெளி. நாம் தேடும் கெழுக்கள் அங்கேதான் இருக்கும்.

```
from sympy import Matrix
# KMnO4 H2O2 H2SO4 K2SO4 MnSO4 H2O O2
A = Matrix([
 [1,0,0,-2, 0, 0, 0],   # K
 [1,0,0, 0,-1, 0, 0],   # Mn
 [4,2,4,-4,-4,-1,-2],   # O
 [0,2,2, 0, 0,-2, 0],   # H
 [0,0,1,-1,-1, 0, 0]])  # S
print(A.rank(), A.nullspace())
```

அணித்தரம் 5 என்று வரும். பொருள்கள் ஏழு. ஏழில் ஐந்து போக மிஞ்சுவது இரண்டு, அதுதான் சுழிவெளியின் பரிமாணம். இது ஒன்றாக இருந்தால் சமன்செய்ய ஒரே வழிதான் உண்டு, பின்னங்களை நீக்கி எழுதிவிட்டால் வேலை முடிந்தது. இங்கே இரண்டு என்பதால் திரையில் இரண்டு வெக்டர்கள் வருகின்றன. முதலாவது (-1, 5/2, -3/2, -1/2, -1, 1, 0). இரண்டாவது (2, -3, 3, 1, 2, 0, 1). இரண்டிலுமே எதிர்க்குறி இருக்கிறது, இரண்டிலும் ஒரு பொருளின் கெழு பூச்சியம். எதையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பார்ப்பவர் அணியைத் தவறாக எழுதிவிட்டோமோ என்று நினைத்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். அணியில் பிழை எதுவும் இல்லை.

கையால் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். K2SO4-க்கு 1 என்று வைத்தால் KMnO4-க்கு 2, MnSO4-க்கு 2, H2SO4-க்கு 3 என்பவை தாமாகவே அமைந்துவிடும். H2O2-இன் கெழுவை b என்று வைத்தால் H2O-வின் கெழு b + 3, O2-வின் கெழு (b + 5)/2. b எவ்வளவு என்று சொல்ல எந்த நிரையாலும் முடியாது. b = 1 என்றாலும் அணுக்கள் சரியாக இருக்கும், 5 என்றாலும் சரி, 7 என்றாலும் சரி. ஏனென்றால் இந்த ஒரே சமன்பாட்டுக்குள் இன்னொரு வினையும் ஒளிந்திருக்கிறது: 2H2O2 → 2H2O + O2, அதாவது பெராக்சைடு தானாகவே சிதையும் வினை. அதை எத்தனை மடங்கு வேண்டுமானாலும் சேர்க்கலாம், கழிக்கலாம். அணு எண்ணிக்கை கெடாது.

இந்த வேறுபாடு தாளோடு நின்றுவிடுவதில்லை. தரம்பார்த்தலில் 0.02 M பெர்மாங்கனேட் 20 மி.லி. செலவானதாக வைத்துக்கொள்வோம். அது 0.4 மில்லிமோல். 2-க்கு 5 என்ற விகிதத்தில் பெராக்சைடு 1 மில்லிமோல், அதாவது 34 மி.கி. 2-க்கு 7 என்று கொண்டால் 47.6 மி.கி., 2-க்கு 1 என்று கொண்டால் 6.8 மி.கி. மூன்றுமே அணுக்கள் சமமான சமன்பாடுகள்தான். ஆனால் குடுவைக்குள் இருந்தது ஒரே அளவுதான்.

அரைவினை முறை இந்த இடத்தில் தடுமாறுவதில்லை. மாங்கனீஸ் +7-லிருந்து +2-க்கு வர ஐந்து எலக்ட்ரான்களை ஏற்கிறது. பெராக்சைடில் -1 என்றிருக்கும் ஆக்சிஜன் பூச்சியத்துக்கு வரும்போது ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களைத் தருகிறது. அப்படியானால் 2-க்கு 5, வேறு விடைக்கு இடமே இல்லை. முழுச் சமன்பாடு இது:

2KMnO4 + 5H2O2 + 3H2SO4 → K2SO4 + 2MnSO4 + 8H2O + 5O2

அணியைக் கைவிடத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். அதற்குத் தெரியாத வேதியியலைப் புதிய நிரையாகக் கொடுத்துவிடலாம். இந்த வினையில் வெளிவரும் O2 முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருகிறது, ஒரு H2O2-க்கு ஒரு O2. அதை [0,1,0,0,0,0,-1] என்று ஆறாவது நிரையாகச் சேர்த்தால் அணித்தரம் 6 ஆகிறது, ஒரே வெக்டர் மிஞ்சுகிறது: (2/5, 1, 3/5, 1/5, 2/5, 8/5, 1). ஐந்தால் பெருக்கினால் மேலே உள்ள சமன்பாடு அப்படியே வந்துவிடும்.

அணி முறை தயக்கமில்லாமல் வெல்லும் இடம் வேறு. வேதியியல் படிப்பவர்களிடையே புதிராகச் சுற்றிவரும் வினை ஒன்று இருக்கிறது. [Cr(N2H4CO)6]4[Cr(CN)6]3 என்ற சேர்மத்தை அமிலம் கலந்த பெர்மாங்கனேட்டோடு சேர்த்து K2Cr2O7, MnSO4, CO2, KNO3, K2SO4, H2O ஆகியவற்றைப் பெறுவதாக எழுதுவார்கள். அங்கே குரோமியம், கார்பன், நைட்ரஜன் ஒவ்வொன்றுக்கும் ஆக்சிஜனேற்ற எண் போடுவதற்குள் பொறுமை போய்விடும். அணியிலோ பொருள்கள் ஒன்பது, தனிமங்கள் எட்டு, சுழிவெளியின் பரிமாணம் ஒன்று. அந்தச் சேர்மத்துக்கு 10, KMnO4-க்கு 1176, H2SO4-க்கு 1399 என்று நொடியில் விடை வரும். இப்படிப்பட்ட கணக்குக்கு sympy போலப் பின்னங்களிலேயே கணக்கிடும் கருவிதான் ஏற்றது. தசமத்தில் கணக்கிடும் scipy.linalg.null_space ஓரலகு நீளமுள்ள வெக்டரைத் தரும். அதிலிருந்து 1176-ஐ மீட்பது வீண் அலைச்சல்.

பரிமாணம் பூச்சியம் என்று வந்தால் ஏதோ ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது. KMnO4 + HCl → KCl + MnCl2 + Cl2 என்று தண்ணீரை மறந்து எழுதினால் ஹைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் போக இடமில்லை, எல்லாக் கெழுவும் பூச்சியமாகத்தான் வரும். பரிமாணம் ஒன்றாக இருந்து, ஒரே ஒரு கெழு மட்டும் மற்றவற்றுக்கு எதிர்க்குறியில் வந்தால் அந்தப் பொருளைப் பக்கம் மாற்றி எழுதியிருக்கிறோம்.

ஆகவே என் பரிந்துரை இது: நான்கு பொருள்கள் வரை கண் போதும். அதற்கு மேல் போனால் முதலில் அணித்தரத்தைக் காணுங்கள். மிஞ்சுவது ஒன்று என்றால் அணியின் விடையை நம்பலாம். இரண்டோ அதற்கு மேலோ என்றால் எலக்ட்ரான் கணக்குக்குப் போங்கள். அயனிச் சமன்பாடாக இருந்தால் மட்டும், தனிமங்களோடு மின்சுமைக்கும் ஒரு நிரை எழுத மறக்காதீர்கள். MnO4⁻ + Fe²⁺ + H⁺ → Mn²⁺ + Fe³⁺ + H2O என்பதில் பொருள்கள் ஆறு, தனிமங்கள் நான்கு; மின்சுமை நிரை சேர்ந்த பிறகுதான் 1, 5, 8, 1, 5, 4 என்ற ஒரே விடை கிடைக்கும்.